அவர்கள் பம்பும் எங்கள் பம்பும்

பங்குனி மாதம், காலை பத்து மணி. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. கயிற்றுக் கட்டிலில் இரண்டு கொட்டேஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மீதும் ஒரு தேங்காயை வைத்திருந்தார் தோப்புக்காரர். ஒன்று நான் அனுப்பியது, மற்றொன்று எங்கள் போட்டி நிறுவனத்தினுடையது. இரண்டிலும் "7.5 எச்.பி. போர்வெல் சப்மெர்சிபிள், 6 இஞ்சு" என்றே எழுதியிருந்தது. எங்கள் விலை 48,500 ரூபாய். அவர்கள் விலை 43,000.

"தம்பி, ரெண்டும் ஏழரை எச்.பி.தான். உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் எதற்குக் கூடுதலாகத் தர வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்."

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வாரத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். தொடக்க காலத்தில் நான் சொல்லிவந்த பதிலை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், பல்லடம் பக்கம் ஒரு விவசாயியிடம், "அவர்கள் மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பியில் வைண்டிங் போடுகிறார்கள்" என்று சொன்னேன். ஒரு மெக்கானிக் டீக்கடையில் சொன்னதைக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த விவசாயி பொறுமையானவர். தன் மைத்துனர் வீட்டில் எரிந்துபோய்க் கிடந்த அதே கம்பெனி மோட்டாரை வைண்டிங் கடையில் பிரிக்கச் சொல்லி, என்னையும் வரவழைத்தார். ஸ்டேட்டரிலிருந்து உருவிய கம்பியைக் கத்தி முனையால் சுரண்டினார்கள். உள்ளே செக்கச்செவேலென்று செம்பு. விவசாயி என்னைத் திட்டவில்லை. "சரி, நீங்கள் கிளம்புங்கள்" என்றார். நான் சொன்ன மற்ற எல்லாமே உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு அவற்றில் எதை அவர் நம்புவார்?

அன்றிலிருந்து போட்டியாளரைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அவர்கள் தாங்களே அச்சிட்டு வெளியிட்டது, அல்லது வாங்குபவரின் கண் முன்னால் நான் அளந்து காட்டக்கூடியது. இந்த இரண்டிலும் சேராத எதையும் சொல்வதில்லை.

ஆனைமலைக்காரரிடம் முதலில் எந்த வித்தியாசத்தையும் சொல்லவில்லை. "அவர்கள் கேட்டலாக்கில் இந்த மாடல் இருக்கும் பக்கத்தைப் பார்க்கலாமா அய்யா?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பம்பு வாங்க நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் பார்க்க வேண்டிய பக்கம் அது. ஏனென்றால் எச்.பி. என்பது மோட்டாரின் பலம் மட்டுமே. அந்தப் பலத்தை பம்பு எப்படிச் செலவழிக்கிறது என்பது ஸ்டேஜ் எண்ணிக்கையிலும், சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வடிவத்திலும் இருக்கிறது. ஒரே ஏழரை எச்.பி.யைக் கொண்டு குறைந்த ஆழத்திலிருந்து நிறையத் தண்ணீரையும் தூக்கலாம், அதிக ஆழத்திலிருந்து கொஞ்சம் குறைவான தண்ணீரையும் தூக்கலாம். ஒவ்வொரு ஸ்டேஜும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிவிடும் ஒரு படிக்கட்டு மாதிரி. அவர்கள் கொட்டேஷனில் இருந்தது 15 ஸ்டேஜ், எங்களுடையது 20 ஸ்டேஜ். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்த ஐந்து ஸ்டேஜ்களில்தான் இருந்தது.

இதை அப்படியே சொல்லி, "எங்களுடையதில் ஐந்து ஸ்டேஜ் அதிகம், ஆகவே எங்களுடையது மேல்" என்று முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். கேட்பவருக்கும் ஏதோ விஷயம் புரிந்ததுபோலத் தோன்றும். ஆனால் அது நியாயமான பதில் ஆகாது. அதிக ஸ்டேஜ் தேவையா இல்லையா என்பதை அவருடைய போர்தான் சொல்ல வேண்டும்.

"உங்கள் போரில் நீர்மட்டம் எவ்வளவு அய்யா?"

"ஆழம் அறுநூற்றைம்பது அடி. பம்பு ஐந்நூறு அடியில் தொங்குகிறது. மழை முடிந்த கையோடு தண்ணீர் முந்நூறு அடியில் நிற்கும். போன சித்திரையில் மெக்கானிக் பார்த்தபோது நானூற்று இருபது என்றார்."

இந்த இரண்டு எண்கள் கிடைத்ததும் வேலை பாதி முடிந்துவிட்டது. முந்நூறு அடி என்பது ஏறக்குறைய 91 மீட்டர். மேலே தொட்டிக்கு ஏற்றுவதற்கும், குழாயில் தண்ணீர் உரசிக்கொண்டு வருவதால் ஏற்படும் இழப்புக்கும் 9 மீட்டர் சேர்த்தால் 100 மீட்டர். கோடையில் 420 அடி, அதாவது 128 மீட்டர், அதே 9-ஐக் கூட்டினால் 137 மீட்டர். இதைத்தான் கேட்டலாக்கில் 'ஹெட்' என்று போட்டிருப்பார்கள். ஹெட்டுக்கு நேராக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு கேட்டலாக்கையும் கட்டிலில் விரித்து, அவரையே விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன்.

100 மீட்டரில் அவர்கள் பம்பு 220 லிட்டர், எங்களுடையது 180. 137 மீட்டரில் அவர்களுடையது 90, எங்களுடையது 145.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவர்கள் ஆள் வந்தபோது, எங்கள் பம்புதான் அதிகத் தண்ணீர் கொடுக்கும் என்றாரே?"

"அவர் சொன்னது சரிதான் அய்யா. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் அவர்கள் பம்புதான் அதிகம் கொடுக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் அதிகம்."

இதை நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அந்த விற்பனையாளரைப் பொய்யராக்கிவிட்டு நான் பேசியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை, எந்த ஆழத்தில் என்பதைச் சொல்லாமல் விட்டார். எங்கள் தொழிலில் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் இதுதான். இரண்டு பேரும் உண்மையையே சொல்வார்கள், ஆனால் இரண்டு வெவ்வேறு ஆழத்தில் நின்றுகொண்டு சொல்வார்கள். "இரண்டு இஞ்சு நிறையத் தண்ணீர் வரும்" என்று சொல்வதும் அப்படித்தான். குழாய் நிறைந்து வருவதைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதில் அளவு என்று ஒன்றுமே இல்லை.

சரி, தோப்பின் தேவை என்ன? 700 மரங்கள், சொட்டுநீர். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். மொத்தம் 56,000 லிட்டர். நிமிடத்துக்கு 90 லிட்டர் வந்தால் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மோட்டார் ஓட வேண்டும். 145 லிட்டர் வந்தால் ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதோடு 137 மீட்டர் என்பது அவர்கள் மாடலுக்கு அச்சிட்டிருக்கும் ஹெட் வரம்பின் விளிம்பு. இன்னும் இருபது அடி தண்ணீர் இறங்கினால் அது வரம்பையே தாண்டிவிடும்.

இந்த இடத்தில் ஆர்டர் என் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதைக் கேட்காமல் எழுந்து வர மனம் வரவில்லை. பம்பு 145 லிட்டர் இழுக்கலாம். போர் அவ்வளவு கொடுக்குமா? ஊற்று நிமிடத்துக்கு 90 லிட்டர்தான் என்றால் 20 ஸ்டேஜ் பம்பினால் ஒரு பயனும் கிடையாது. நீர்மட்டத்தை வேகமாகக் கீழே இறக்கிவிட்டு, காற்றை இழுத்து, மோட்டார் சூடாகத்தான் வழி செய்யும். அப்படியானால் என் கேட்டலாக்கில் உள்ள எண் உண்மையாக இருந்தும், அவரைப் பொறுத்தவரை பொய்.

பழைய பம்பு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டோம். அதற்குள் ஓர் இரட்டை ஒயரின் நுனிகளை உரித்து, சிறு எடை கட்டி, கேசிங் வாயிலிருந்து மெதுவாக இறக்கினோம். மறுமுனை மல்ட்டிமீட்டரில். நுனி தண்ணீரைத் தொட்டதும் முள் அசையும். அந்த இடத்தில் ஒயரில் முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து அளந்தால் நீர்மட்டம் தெரிந்துவிடும். முதல் மணி நேரத்தில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் 400 அடியில் வந்து நின்றுவிட்டது, அதற்குமேல் இறங்கவில்லை. பிறகு 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரிக் குழாய்க்குக் கீழே வைத்தோம். அவருடைய பேத்தி கைபேசியில் நேரம் பார்த்தாள். 95 விநாடி. நிமிடத்துக்கு 126 லிட்டர்.

ஆகவே 126 லிட்டரை போர் தாங்குகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த உண்மை. 145-ஐத் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. அதையும் அவரிடம் அப்படியே சொன்னேன்.

வழக்கமாக நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு விஷயங்கள் இன்னும் மீதி இருந்தன. ஒன்று, எங்கள் பம்புக்கு அதிக ஸ்டார் முத்திரை, அதாவது அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம். ஆனால் தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். அவருடையது விவசாய இணைப்பு. மின்சாரம் மிச்சமாவது நாட்டுக்கு நல்லது, அவருடைய பணப்பையில் அதனால் ஒரு ரூபாய்கூடச் சேராது. கோழிப்பண்ணைக்கோ கயிறு ஆலைக்கோ போனால் இதே ஸ்டாரை முதல் வரியில் சொல்வேன், ஏனென்றால் அங்கே மாதா மாதம் பில் வருகிறது. இங்கே சொன்னால் அது அவருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றுக்கு விலை கேட்பதாகிவிடும்.

இரண்டாவது, குறைந்த வோல்டேஜிலும் ஓடும் மோட்டார். எங்கள் கேட்டலாக்கில் 300 வோல்ட்டிலிருந்து என்று இருக்கிறது, அவர்களுடையதில் 350-லிருந்து. கேட்கக் கவர்ச்சியான வித்தியாசம்தான். ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டரில் வைத்துப் பார்த்தால் 385 வோல்ட். டிரான்ஸ்பார்மர் தோப்பு எல்லையிலேயே இருக்கிறது. "இந்த வோல்டேஜில் ரெண்டு மோட்டாரும் ஒன்றுதான் அய்யா" என்றேன்.

செம்பு வைண்டிங், நோரில் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இம்பெல்லர், தண்ணீர் நிரப்பிய மோட்டார், ஐ.எஸ்.ஐ. முத்திரை. இவை இரண்டிலும் ஒன்றே. ஒன்றாக இருப்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. "எங்களுடையது சுத்தமான செம்பு" என்று நான் மட்டும் அழுத்திச் சொன்னால், மற்றவருடையது செம்பு இல்லை என்று கேட்பவர் தானாக நினைத்துக்கொள்வார். வார்த்தையில் பொய் இருக்காது, அவர் மனதில் பதிவது பொய்யாக இருக்கும்.

இதில் நீதிமன்றங்கள் எங்கே கோடு போட்டிருக்கின்றன என்பதையும் விற்பனையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. துணிக்குப் போடும் நீலம் தொடர்பாக ஒரு வழக்கு, 1999-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில். தன் சரக்கே உலகில் சிறந்தது என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம், மற்றவர் சரக்கோடு ஒப்பிடலாம், ஆனால் மற்றவர் சரக்கு மட்டம் என்று இழிவுபடுத்தக் கூடாது என்றது நீதிமன்றம். 2008-இல் இரண்டு பற்பசை நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. உண்மையற்ற சுயபுகழ்ச்சியை அனுமதிப்பது நுகர்வோருக்கு நல்லதல்ல என்று சொல்லி, 'இது மட்டுமே', 'இதுவே முதல்' என்ற சொற்களை அந்த விளம்பரத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. இவை விளம்பர வழக்குகள்தான், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுவதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனாலும் எனக்குச் சென்னைத் தீர்ப்பின் போக்குதான் பிடித்திருக்கிறது. அது போட்டியாளரை மட்டும் பார்க்காமல், பணம் கொடுப்பவரையும் பார்க்கிறது.

ஆனைமலைக்கு வருகிறேன். அன்று மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாயால் சொல்வது மறந்துபோகும், திரிந்தும் போகும். எழுதிக் கொடுத்தால் அவர் மகனிடமும் காட்டலாம், போட்டி நிறுவனத்தாரிடமே கூடக் காட்டலாம். அவர்கள் படித்தாலும் மறுக்க முடியாதபடி எழுத வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். அதில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

"இரண்டு நிறுவனங்களின் இந்த ஆண்டுக் கேட்டலாக்குகளின்படி: 100 மீட்டரில் அவர்களது 15 ஸ்டேஜ் மாடல் நிமிடத்துக்கு 220 லிட்டர், எங்களது 20 ஸ்டேஜ் 180. 137 மீட்டரில் 90, 145. உங்கள் போர் இன்று 126 லிட்டர் தடையின்றித் தந்தது, நீர்மட்டம் 400 அடி. வோல்டேஜ் 385, இரண்டுக்கும் போதும். வைண்டிங், இம்பெல்லர் ஒன்றே. உத்தரவாதம்: அவர்கள் 18 மாதம், நாங்கள் 12 மாதம். சர்வீஸ் சென்டர்: அவர்களுக்குப் பொள்ளாச்சியில் இருக்கிறது, எங்களுக்குக் கோவையில். அவர்கள் பம்பு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டலாக்கில் அவர்களுக்கும் ஏழரை எச்.பி.யில் 20 ஸ்டேஜ் மாடல் ஒன்று இருக்கிறது. என் பம்போடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். அதன் விலையைக் கேளுங்கள்."

கடைசி இரண்டு வரிகளை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, மறைக்க மாட்டேன். அவர்கள் கேட்டலாக்கைப் புரட்டியபோதே அடுத்த வரியில் அந்த மாடலைப் பார்த்துவிட்டேன். 137 மீட்டரில் 140 லிட்டர் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர்களுடைய 15 ஸ்டேஜை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "அவர்கள் பம்பு கோடையில் தண்ணீர் தராது" என்று பேசினால், நான் ஒப்பிடுவது இரண்டு நிறுவனங்களை அல்ல. என்னுடைய பொருத்தமான மாடலை, அவர்களுடைய பொருத்தமில்லாத மாடலோடு ஒப்பிடுகிறேன். அவர்கள் ஆள் போரின் நீர்மட்டத்தைக் கேட்காமல் கொட்டேஷன் போட்டது அந்த ஆளின் கவனக்குறைவு. அதை அந்த பம்பின் குறையாக நான் விற்க முடியாது.

நான்கு நாள் கழித்து அவரே அழைத்தார். அவர்களுடைய 20 ஸ்டேஜ் 47,000 ரூபாயாம். எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 1,500 ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

"தம்பி, பணத்துக்காக இல்லை. சித்திரையில் மோட்டார் நின்றால் எனக்கு ரெண்டு நாள்தான் தாங்கும். பொள்ளாச்சியிலிருந்து ஆள் அரைமணியில் வந்துவிடுவான். நீங்கள் கோவையிலிருந்து வர வேண்டும். அதனால் அவர்களிடமே சொல்லிவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்."

"சரியான முடிவுதான் அய்யா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். பொள்ளாச்சி என்ற அந்த வரியை எழுதிக் கொடுத்ததே நான்தானே.

எங்கள் அலுவலகத்தில், கைநழுவிப்போன ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் எல்லோரும் வருடக்கணக்கில் அதில் 'விலை' என்றே எழுதிவந்தோம். எழுத எளிது, யாரும் மேற்கொண்டு கேட்கவும் மாட்டார்கள். அன்று நான் 'பொள்ளாச்சியில் சர்வீஸ் இல்லை' என்று எழுதி, அந்தத் தாளின் நகலையும் இணைத்தேன். மேலாளர் கூப்பிட்டு, எதற்காக அவர்களுடைய 20 ஸ்டேஜை நான் காட்டிக் கொடுத்தேன் என்று கேட்டார். அவர்கள் கேட்டலாக்கை அவர் கையில் கொடுத்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு என் படிவத்தில் இருந்த காரணத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு உடுமலை, ஆனைமலை, கோட்டூர் பக்கம் போய் வந்த இன்னும் இரண்டு பேரின் படிவங்களிலும் விலைக்குப் பதிலாக அதே காரணம் வந்தது. மறு ஆண்டு தைக்குப் பிறகு, பொள்ளாச்சியில் முப்பது வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒருவரோடு எங்கள் நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. உதிரிப் பாகங்கள் அவரிடமே இருக்கும், ஆளும் அவருடைய ஆள்.

இப்போது அந்தப் பக்கம் போகும்போது நான் எழுதிக் கொடுக்கும் தாளில் சர்வீஸ் வரி மாறியிருக்கிறது: "இருவருக்கும் பொள்ளாச்சியில்." உத்தரவாத வரி இன்னும் மாறவில்லை. அவர்கள் 18 மாதம், நாங்கள் 12.